குறைந்தபட்ச ஊதியமும் வேலைவாய்ப்பும்: இலக்கிய ஆய்வுக்கு எப்படிச் சட்டகம் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா ஆய்வுகளையும் ஆண்டு வரிசையில் எழுதிக்கொண்டு போனால் போதாதா?

போதாது. இந்தத் துறையில் ஆண்டு வரிசை வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். 1982இல் சார்லஸ் பிரவுன், கர்ட்டிஸ் கில்ராய், ஆண்ட்ரூ கோஹன் மூவரும் அதுவரை வந்த அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்தார்கள். குறைந்தபட்ச ஊதியம் 10% உயர்ந்தால் பதின்வயதினர் வேலைவாய்ப்பு 1 முதல் 3% வரை குறையும் என்றார்கள். 1994இல் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் குறையவில்லை என்றார்கள். 2000இல் டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் குறைந்தது என்றார்கள். 2010இல் இன்னொரு குழு மீண்டும் இல்லை என்றது. வரிசையாகப் படிப்பவருக்கு இது ஊசல் ஆடுவதுபோலத்தான் தெரியும்.

உண்மையில் அங்கே நடந்தது வேறு. ஒவ்வொரு குழுவும் "ஊதியம் உயராமல் இருந்திருந்தால் வேலைவாய்ப்பு எப்படி இருந்திருக்கும்?" என்ற கேள்விக்கு வேறு வேறு இடத்தில் பதில் தேடியது. முதல் தலைமுறை நாட்டின் கடந்த காலத்தோடு ஒப்பிட்டது, அடுத்தது பக்கத்து மாநிலத்தோடு, அதற்கடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாவட்டத்தோடு. முடிவுகள் மாறியதற்குப் பெரும்பாலான காரணம் இந்த ஒப்பீட்டுக் குழுதான். அதனால் உங்கள் சட்டகமும் அதைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

கருப்பொருள், முறை இரண்டில் எதைத் தலைப்பாக வைப்பது?

கருப்பொருளை அத்தியாயத் தலைப்பாகவும், முறையை அத்தியாயத்துக்குள் வரும் பிரிவாகவும் வையுங்கள். ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. "வேலை எண்ணிக்கை குறைகிறதா?" என்ற மையக் கேள்வியில் சண்டையே முறையைப் பற்றித்தான் என்பதால், அங்கே முறையே தலைப்பாகட்டும்.

அப்படியானால் அத்தியாயங்கள் எந்த வரிசையில் வரும்?

நான் மாணவர்களுக்குச் சொல்லும் வரிசை இது. முதலில் கோட்பாடு, சுருக்கமாக. இரண்டாவது, அளவீடு: எந்த ஆய்வு எதை அளந்தது, அவற்றை ஒரே அலகுக்கு எப்படிக் கொண்டுவருவது. மூன்றாவது, வேலை எண்ணிக்கை. இதுதான் பெரிய அத்தியாயம். இதற்குள் காலத்தொடர் ஆய்வு, இரண்டு இடங்களை ஒப்பிடும் தனி நிகழ்வு ஆய்வு, மாநிலப் பேனல், எல்லை மாவட்ட ஜோடி, ஊதியப் பரவலைப் பார்க்கும் முறை என்று ஐந்து பிரிவுகள். நான்காவது, எண்ணிக்கைக்கு அப்பால்: வேலை நேரம், வேலை மாறுவது, யார் உள்ளே வருகிறார்கள் என்பது. ஐந்தாவது, உயர்ந்த செலவு எங்கே போகிறது: விலை, லாபம், நிறுவனங்களுக்கிடையே ஆட்கள் நகர்வது. கடைசியில் தொகுப்பாய்வுகளும் வெளியீட்டுச் சாய்வும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். வரிசைகளில் கருப்பொருள், நிரல்களில் முறை. ஒவ்வொரு ஆய்வையும் அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். எண்ணிக்கை வரிசை நிரம்பி வழியும், விலை வரிசையில் சில கட்டங்கள் காலியாக நிற்கும். உங்கள் ஆய்வுக்கான இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை அந்தக் காலிக் கட்டங்களே காட்டும்.

கோட்பாட்டுப் பகுதியை எவ்வளவு நீளமாக எழுத வேண்டும்?

இரண்டு பக்கம் போதும். போட்டிச் சந்தையில் ஊதியத்தை உயர்த்தினால் ஆட்களுக்கான தேவை குறையும். மோனாப்சனி என்னும் வாங்குவோர் முற்றுரிமை இருக்கும் சந்தையில், முதலாளி தன் பேர பலத்தால் ஊதியத்தை ஏற்கெனவே தாழ்த்தி வைத்திருப்பார். அங்கே மிதமான உயர்வு வேலைவாய்ப்பைக் கூட்டவும் செய்யலாம், ஒரு அளவுக்கு மேல் போனால் குறைக்கும். இந்த இரண்டாவது சாத்தியத்தை ஜார்ஜ் ஸ்டிக்லர் 1946இலேயே ஒப்புக்கொண்டு, நடைமுறையில் பொருந்தாது என்று ஒதுக்கினார். விளைவின் குறியைக் கோட்பாடு முன்கூட்டிச் சொல்லவில்லை, தரவுதான் சொல்ல வேண்டும். வாசகர் இதை ஏற்றுக்கொண்டவுடன் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள்.

நியூ ஜெர்சி ஆய்வை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதில் நான் என்ன எழுதுவது?

எல்லோரும் சொல்வது அதன் முடிவை மட்டும். நீங்கள் அதன் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு முறையை வாசகருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் இந்த இலக்கியத்தில் கிடையாது.

1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி தன் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கார்டும் க்ரூகரும் நியூ ஜெர்சியிலும் கிழக்குப் பென்சில்வேனியாவிலும் இருந்த 410 துரித உணவகங்களிடம், உயர்வுக்குச் சற்று முன்பும் அதே ஆண்டின் இறுதியிலும், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். இரண்டு பகுதிநேர ஊழியர்களை ஒரு முழுநேர ஊழியராகக் கணக்கிட்டு, ஒரு கடைக்குச் சராசரி எத்தனை பேர் என்று பார்த்தார்கள்.

| | முன்பு | பின்பு | மாற்றம் |
|---|---|---|---|
| நியூ ஜெர்சி | 20.44 | 21.03 | +0.59 |
| பென்சில்வேனியா | 23.33 | 21.17 | −2.16 |

இரண்டு மாற்றங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் 2.75. இதைத்தான் வேறுபாட்டின் வேறுபாடு என்கிறோம். ஊதியம் உயர்ந்த மாநிலத்தில், உயராத மாநிலத்தோடு ஒப்பிட, ஒரு கடைக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆள் கூடுதல்.

இப்போது அந்த அட்டவணையை மறுபடி பாருங்கள். நியூ ஜெர்சியில் பெரிதாக எதுவும் மாறவில்லை. விளைவில் பெரும்பகுதி பென்சில்வேனியாவின் வீழ்ச்சியிலிருந்து வருகிறது. ஊதியம் உயராமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் அதேபோல விழுந்திருக்கும் என்று நம்பினால்தான் 2.75 என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. அந்த நம்பிக்கையைச் சோதிக்க உயர்வுக்கு முந்தைய பல ஆண்டுகளின் போக்கு வேண்டும். இந்தக் கணக்கெடுப்பில் முன்பக்கம் ஒரே ஒரு சுற்றுதான் இருந்தது. ஆய்வின் பலமும் பலவீனமும் ஒரே அட்டவணைக்குள் இருப்பதை இப்படி எடுத்துக்காட்டினால், அடுத்து வரும் முறைகள் எதற்காகப் பிறந்தன என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கும்.

இந்த ஆய்வுக்கு வந்த மறுப்பை எப்படிக் கையாள்வது?

"மறுக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 2000இல் நியூமார்க்கும் வாஷரும் தொலைபேசிக் கணக்கெடுப்புக்குப் பதிலாகக் கடைகளின் சம்பளப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் சுமார் 4% குறைந்ததாகக் கண்டார்கள். அதே இதழில் கார்டும் க்ரூகரும் பதில் எழுதினார்கள். இந்த முறை அவர்கள் பயன்படுத்தியது, வேலையின்மைக் காப்பீட்டுக்காக நிறுவனங்கள் அரசிடம் தாக்கல் செய்யும் நிர்வாகத் தரவு. அதில் விளைவு சிறியது, புள்ளியியல் ரீதியாகப் பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாதது.

அந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறொன்று. 1996 அக்டோபரில் மத்திய அரசு குறைந்தபட்ச ஊதியத்தை 4.75 டாலராக உயர்த்தியது. பென்சில்வேனியாவை அது பாதித்தது. ஏற்கெனவே 5.05 கொடுத்துக்கொண்டிருந்த நியூ ஜெர்சியைப் பாதிக்கவில்லை. அதே சோதனை, பாத்திரங்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. இந்தத் தலைகீழ் சோதனையிலும் வேலை இழப்புக்குச் சான்று தெரியவில்லை. விவாதத்தில் இந்த இரண்டாவது நிகழ்வைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

மாநிலப் பேனல் ஆய்வுகள் வேலை குறைகிறது என்கின்றன, எல்லை மாவட்ட ஆய்வுகள் இல்லை என்கின்றன. யார் சரி?

முதலில் இரண்டும் என்ன செய்கின்றன என்று எழுதுங்கள். மாநிலப் பேனல் ஆய்வு எல்லா மாநிலங்களையும் பல ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டு, மாநிலத்துக்கு ஒன்றும் ஆண்டுக்கு ஒன்றுமாக நிலையான விளைவுகளைச் சேர்க்கும். அப்படிச் செய்யும்போது, ஊதியம் உயர்த்திய மாநிலத்துக்கு நாட்டின் மற்ற எல்லா மாநிலங்களும் ஒப்பீட்டுக் குழுவாகிவிடுகின்றன. பிரச்சினை இங்கேதான். அமெரிக்காவில் அடிக்கடி உயர்த்திய மாநிலங்கள் சில குறிப்பிட்ட வட்டாரங்களில் குவிந்திருக்கின்றன. அந்த வட்டாரங்களின் தொழில் அமைப்பும் வளர்ச்சிப் போக்கும் மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டவை. அந்த வேறுபாட்டை ஊதியத்தின் விளைவு என்று தவறாக எண்ணிவிடலாம்.

அரிந்திரஜித் டூபே, வில்லியம் லெஸ்டர், மைக்கேல் ரைக் மூவரும் 2010இல் மாநில எல்லையின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மாவட்டங்களை ஜோடி ஜோடியாக எடுத்தார்கள். 1990 முதல் 2006 வரையிலான தரவு. நியூ ஜெர்சி சோதனையை நாடு முழுக்க நடத்தியதுபோல என்று சொல்லலாம். உணவக வேலைவாய்ப்பில் பழைய பேனல் முறை காட்டிய இழப்பு, ஜோடி முறைக்கு மாறியதும் மறைந்தது. ஒரே தரவில் இரண்டு முறைகளையும் ஓட்டிக் காட்டியதுதான் இந்தக் கட்டுரையின் வலிமை.

நியூமார்க், இயன் சாலஸ், வாஷர் மூவரும் 2014இல் இதை எதிர்த்தார்கள். பக்கத்து மாவட்டம் என்பதாலேயே அது நல்ல ஒப்பீடு ஆகிவிடாது, பயன்படும் தகவலையும் சேர்த்து வீசிவிடுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். எல்லைக்குக் குறுக்கே ஆட்கள் வேலைக்குப் போய்வந்தால் ஒப்பீட்டு மாவட்டமும் பாதிக்கப்படும் என்ற கேள்வியும் இருக்கிறது. எல்லை மாவட்டங்களை மாநிலத்தின் உட்புற மாவட்டங்களோடு ஒப்பிட்டு அதைச் சோதிக்கலாம், முதல் குழு அதையும் செய்தது.

என் கருத்தைக் கேட்டால், எல்லை மாவட்டக் குழுவின் பக்கம்தான் சான்று சற்றுக் கனமாக இருக்கிறது. அதற்குக் காரணம் அடுத்து வரும் முறை.

பஞ்சிங் முறை என்கிறார்களே, அது என்ன?

டொரூக் செங்கிஸ், டூபே, அட்டிலா லிண்ட்னர், பென் ஜிப்பரர் நால்வரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின் முறை. வேலைகளை மணி ஊதியத்தின்படி சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தால் புதிய கோட்டுக்குக் கீழே இருந்த வேலைகள் காணாமல் போகும். அவற்றில் எத்தனை கோட்டின் மேலும் அதற்குச் சற்று மேலேயும் வந்து குவிந்திருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். காணாமல் போனதும் குவிந்ததும் சமமாக இருந்தால் வேலை அழியவில்லை, ஊதியம் மட்டும் ஏறியிருக்கிறது.

1979 முதல் 2016 வரை நடந்த 138 மாநில அளவிலான உயர்வுகளைப் பார்த்தார்கள். உயர்வுக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில், கோட்டுக்குக் கீழே மறைந்த வேலைகள் மொத்த வேலைவாய்ப்பில் சுமார் 1.8%. கோட்டிலும் மேலேயும் கூடியது சுமார் 2.1%. ஆக, குறைந்த ஊதிய வேலைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறவில்லை.

பேனல் சண்டைக்கு இந்த முறை ஒரு தெளிவான சோதனையைக் கொடுக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் மேல்மட்டச் சம்பள வேலைகளைத் தொடக்கூடாது. ஆனால் பழைய பேனல் முறையை இதே தரவில் ஓட்டினால், இழப்பு பெரும்பாலும் மேல்மட்ட வேலைகளில்தான் தெரிகிறது. அப்படியென்றால் அந்த முறை வேறு ஏதோ ஒரு பொருளாதார மாற்றத்தைப் பிடித்திருக்கிறது. நீங்கள் படிக்கும் எந்த ஆய்விலும் இதைத் தேடுங்கள்: பாதிக்கப்படவே முடியாத ஒரு குழுவிடம் ஆய்வாளர் விளைவைத் தேடிப் பார்த்தாரா?

ஒரு ஆய்வில் −0.1 என்றும் இன்னொன்றில் −0.5 என்றும் இருக்கிறது. எப்படி ஒப்பிடுவது?

அப்படியே ஒப்பிடவே கூடாது. என் முதல் வரைவில் நானே இந்தத் தவறைச் செய்து ஒரு முழு அட்டவணையைத் திரும்பப் போட்டேன்.

இரண்டு வகை நெகிழ்ச்சி உண்டு. ஒன்று, குறைந்தபட்ச ஊதியம் 1% உயர்ந்தால் வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம் மாறும் என்பது. இன்னொன்று, அந்தக் குழுவின் உண்மையான சராசரி ஊதியம் 1% உயர்ந்தால் வேலைவாய்ப்பு எவ்வளவு மாறும் என்பது. இரண்டாவதுக்குச் சொந்த ஊதிய நெகிழ்ச்சி என்று பெயர். சட்டம் 10% உயர்த்தியதாக வைத்துக்கொள்வோம். பதின்வயதினரில் பலர் ஏற்கெனவே அதற்கு மேல் வாங்குவதால் அவர்களின் சராசரி ஊதியம் 2% தான் ஏறியது, வேலைவாய்ப்பு 1% குறைந்தது. முதல் வகையில் இது −0.1. இரண்டாவது வகையில் −0.5. ஒரே நிகழ்வுதான்.

நியூ ஜெர்சியிலேயே இதைப் பார்க்கலாம். சட்டப்படி உயர்வு கிட்டத்தட்ட 19%. ஆனால் கடைகளின் சராசரித் தொடக்க ஊதியம் 4.61 டாலரிலிருந்து 5.08 ஆனது, அதாவது சுமார் 10%. எல்லா ஆய்வுகளையும் சொந்த ஊதிய நெகிழ்ச்சிக்கு மாற்றி அட்டவணை போடுங்கள். ஒரு ஆய்வு ஊதிய மாற்றத்தைத் தரவே இல்லை என்றால், மாற்ற முடியவில்லை என்று அந்தக் கட்டத்தில் குறியுங்கள். ஊதியமே உயரவில்லை என்றால் வேலைவாய்ப்பில் பூஜ்ய விளைவு வந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சியாட்டில் ஆய்வு பெரிய இழப்பைக் காட்டியதே?

அதை நான்காவது அத்தியாயத்தில் வையுங்கள், அது முக்கியமாக வேலை நேரத்தைப் பற்றியது. சியாட்டில் நகரம் 2015 ஏப்ரலில் 11 டாலர் வரையும், 2016 ஜனவரியில் 13 டாலர் வரையும் உயர்த்தியது. வாஷிங்டன் மாநிலம் வேலை நேரத்தையும் பதிவு செய்யும் என்பதால் அரிய தரவு கிடைத்தது. 2017இல் வந்த வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வுத்தாள், 13 டாலர் கட்டத்தில் மணிக்கு 19 டாலருக்குக் கீழான வேலைகளில் ஊதியம் சுமார் 3% ஏறி, நேரம் சுமார் 9% குறைந்தது என்றது. சொந்த ஊதிய நெகிழ்ச்சியில் இது −3 அளவுக்கு வரும், மற்ற ஆய்வுகளோடு பார்த்தால் மிகப் பெரியது.

இரண்டு சந்தேகங்கள் எழுந்தன. பல கிளைகள் உள்ள நிறுவனங்களின் ஊழியர்கள் தரவில் விடுபட்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் சியாட்டிலின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்ததால், ஒருவரின் ஊதியம் தானாகவே 19 டாலரைத் தாண்டினாலும் அது "குறைந்த ஊதிய வேலை இழப்பு" என்று பதிவாகும். அதே குழு பின்னர் தனிநபர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, அனுபவமுள்ள ஊழியர்களின் வருமானம் கூடியதையும், புதிதாக உள்ளே வருபவர்கள் குறைந்ததையும் கண்டது. நேரம், நுழைவு என்ற இரண்டு கருப்பொருளையும் தனித்தனியாக வைக்க வேண்டிய காரணம் இதுதான்.

டென்மார்க்கில் வேலைவாய்ப்பு 33% குறைந்ததாகப் படித்தேன். இதை எங்கே வைப்பது?

டென்மார்க்கில் கூட்டு ஒப்பந்தங்களின்படி 18 வயது ஆனதும் ஒருவரின் ஊதியம் சுமார் 40% தாவுகிறது. அந்தப் பிறந்தநாளின் இரு பக்கமும் இருப்பவர்களை ஒப்பிட்ட ஆய்வு அது, முறை தொடர்ச்சி முறிவு. வடிவமைப்பு மிகச் சுத்தமானது. ஆனால் அது கேட்கும் கேள்வி வேறு. 18 வயதுக்காரர் செய்யும் வேலையைக் குறைந்த ஊதியத்துக்குச் செய்ய 17 வயதுக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார். ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைப்பது எளிது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஊதியம் உயரும்போது அந்த வசதி முதலாளிக்குக் கிடைக்காது. ஆகவே வயதுவாரி ஊதியம் என்ற தனிப்பிரிவில் வையுங்கள்.

வேலை குறையவில்லை என்றால் கூடுதல் செலவை யார் சுமக்கிறார்கள்?

ஹங்கேரி 2001, 2002 ஆண்டுகளில் குறைந்தபட்ச ஊதியத்தை மிகப் பெரிய அளவில் உயர்த்தியது. பீட்டர் ஹராஸ்டோசியும் லிண்ட்னரும் நிறுவனத் தரவில் பார்த்தபோது, செலவில் சுமார் 75% விலை உயர்வாக வாடிக்கையாளர்களிடமும், 25% நிறுவன உரிமையாளர்களிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை இழப்பு சிறியது. ஆனால் வெளிநாட்டுப் பொருட்களோடு போட்டியிட வேண்டிய துறைகளில் விலையை ஏற்ற முடியாததால் இழப்பு கூடுதலாக இருந்தது. ஜெர்மனி 2015 ஜனவரியில் 8.50 யூரோ என்று முதன்முறையாக நாடு முழுக்கக் கொண்டுவந்தபோது, ஊழியர்கள் சிறிய, குறைவாகக் கொடுக்கும் நிறுவனங்களிலிருந்து நன்றாகக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு நகர்ந்ததை கிறிஸ்டியன் டஸ்ட்மன் குழு கண்டது.

அமெரிக்க உணவகங்களை மட்டும் படித்திருந்தால் இந்த இரண்டும் தெரியவராது. விலையை ஏற்ற முடிகிற துறையா, முடியாத துறையா என்று பிரித்து எழுதுங்கள்.

தொகுப்பாய்வை முதலிலேயே வைத்து, மற்றதைச் சுருக்கிவிடலாமா?

வேண்டாம். ஹிரிஸ்டோஸ் டுகூலியாகோஸும் டி. டி. ஸ்டான்லியும் 2009இல் 64 அமெரிக்க ஆய்வுகளிலிருந்து 1,474 மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள். துல்லியம் மிகுந்த மதிப்பீடுகள் பூஜ்யத்தை ஒட்டிக் குவிந்திருந்தன, துல்லியம் குறைந்தவை எதிர்மறைப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. சாய்வு இல்லாவிட்டால் அவை இரு பக்கமும் சமமாகச் சிதறியிருக்க வேண்டும். எதிர்மறை முடிவு வந்தவை அதிகம் வெளியாகியிருக்கின்றன என்று இதற்குப் பொருள். ஆனால் தொகுப்பாய்வு நல்ல ஒப்பீட்டுக் குழுவையும் மோசமான ஒப்பீட்டுக் குழுவையும் ஒரே படத்தில் புள்ளிகளாக்கிவிடும். வாசகர் முறைகளைப் படித்த பிறகுதான் அந்தப் படத்தை அவரால் சரியாகப் பார்க்க முடியும்.

"ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை" என்று எழுதி முடிக்கலாமா?

அந்த வரியை எழுதும் முன், கருத்து வேறுபாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உங்கள் தாளைப் பாருங்கள். சராசரி ஊதியத்தோடு ஒப்பிட மிதமாக இருக்கும் உயர்வு, குறைந்த ஊதிய வேலைகளின் மொத்த எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைத்துவிடும் என்பதற்கு அண்மைய முறைகளில் சான்று பலவீனம். அதை அப்படியே எழுதுங்கள். உயர்வு மிகப் பெரிதாக இருந்தால், பத்து ஆண்டுக்கு மேல் போனால், சட்டம் எட்டாத முறைசாரா வேலைகள் மிகுந்த நாடாக இருந்தால் என்ன ஆகும் என்ற கட்டங்களில் ஆய்வுகள் குறைவு, உள்ளவையும் ஒத்துப்போகவில்லை. அங்கே மட்டும் அந்த வரியைப் போடுங்கள், எந்தக் கட்டம் என்று பெயர் சொல்லி.